ராண்டாகக் காட்டுவதா, பவுண்டாக மாற்றுவதா, கட்டணத்தை முன்பே கட்டுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் டொங்காட்டிலிருந்தும் பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் பெற்றோர் எத்தனையோ பேர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலரிடம் பணம் இருந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய நாளில் இல்லாததால் விசா கைநழுவியவர்களும் உண்டு. அந்த முகங்கள் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

2025 அக்டோபரில் என் தம்பி மகளும், மாணவர் விசாவுக்குக் காட்ட வேண்டிய பணத்தை எப்படி வைப்பது என்ற கேள்வியோடு வந்தாள். இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முதுகலைப் படிப்பு, 2026 ஜனவரியில் தொடக்கம். "பெரியப்பா, அப்பாவின் கணக்கில் ராண்டாகவே காட்டலாமா, இல்லை பவுண்டு வாங்கி வைக்க வேண்டுமா? கட்டணத்தை இப்போதே முழுதாகக் கட்டிவிடலாம் என்று ஒருத்தி சொல்கிறாள்." அவள் கேட்ட மூன்று வழிகளையும் நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தக் கணக்கையே இங்கே எழுதுகிறேன். பிரிட்டிஷ் மாணவர் விசாவுக்கு மட்டுமே இது பொருந்தும்.

முதலில் எவ்வளவு காட்ட வேண்டும் என்பது. ஓராண்டின் கல்விக் கட்டணத்தில் இன்னும் கட்டாத பகுதியையும், வாழ்க்கைச் செலவுக்கு ஒன்பது மாதத் தொகையையும் சேர்த்துக் காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே படிப்போருக்கு மாதம் 1,136 பவுண்டு என்று இருந்ததை 2025 நவம்பர் 11 முதல் 1,171 ஆக உயர்த்தினார்கள். லண்டனில் அது 1,529. எங்கள் பிள்ளையின் கல்விக் கட்டணம் 21,000 பவுண்டு. அதில் 3,000 முன்பணமாக ஏற்கெனவே கட்டியாயிற்று. ஆக மீதிக் கட்டணம் 18,000, வாழ்க்கைச் செலவு 10,539, மொத்தம் 28,539 பவுண்டு. கணக்கு எளிதாக இருக்க ஒரு பவுண்டு 23 ராண்ட் என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் 656,397 ராண்ட்.

தம்பியிடம் 670,000 ராண்ட் இருந்தது. "அண்ணா, தேவைக்கு மேலேயே இருக்கிறதே" என்றான். அது எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டேன். சேமிப்புக் கணக்கில் 310,000. 32 நாள் முன்னறிவிப்புக் கணக்கில் 160,000. வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டி வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் ஆக்செஸ் பாண்டில் 200,000.

நம் நாட்டில் ஒழுங்காகச் சேமிக்கும் குடும்பங்கள் பணத்தை வைத்திருக்கும் முறை பெரும்பாலும் இதுதான். வட்டிக் கணக்குப் பார்த்தால் புத்திசாலித்தனமான முறையும்கூட. ஆனால் விசா அதிகாரி பார்ப்பது வேறு. உடனே எடுக்கக்கூடிய பணம் மட்டுமே கணக்கில் சேரும் என்பது பிரிட்டிஷ் விதி. முன்னறிவிப்புக் கொடுத்துக் காத்திருக்க வேண்டிய பணம், அது எத்தனை நாள் ஆனாலும், சேராது. ஆக்செஸ் பாண்டில் இருப்பதோ வங்கியின் பார்வையில் வீட்டுக் கடனின் குறைந்த நிலுவை. அதை எடுத்தால் உங்கள் கடன் கூடுகிறது. அதை இருப்பு என்று காட்ட முடியாது. பங்குகளும் யூனிட் டிரஸ்டுகளும் அப்படியே. ஆக, தம்பியின் 670,000 ராண்டில் அன்றைக்குக் காட்டத் தகுதியானது 310,000 மட்டும்.

இருபத்தெட்டு நாளும் ஒரு நாள் விகிதமும்

மூன்று வழிகளையும் ஒப்பிடுவதற்குமுன் 28 நாள் விதியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாளின் கடைசி நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் ஒரு ராண்ட் குறைந்தாலும் விதி மீறியதாகிவிடும். மாதாந்திர வங்கிக் கட்டணம் பிடித்ததால் இருப்பு கோட்டுக்குக் கீழே போனதை நானே பார்த்திருக்கிறேன்.

இதுவரை பலருக்கும் தெரியும். பலருக்கும் தெரியாதது அடுத்தது. பணம் ராண்டில் இருந்தால் அதை எந்த விகிதத்தில் பவுண்டாக மாற்றிப் பார்ப்பார்கள்? ஒவ்வொரு நாளுக்கும் அந்தந்த நாள் விகிதம் இல்லை. விண்ணப்பம் செய்யும் நாளில் ஓஆண்டா என்ற செலாவணி இணையதளம் காட்டும் விகிதத்தில் மொத்தத்தையும் மாற்றுகிறார்கள். அதாவது, 28 நாளும் நீங்கள் கோட்டுக்கு மேலேயே இருந்திருக்கலாம். விண்ணப்பிக்கும் நாளன்று ராண்ட் சரிந்தால், அந்த 28 நாளும் பின்னோக்கிக் குறைந்துபோகும். அதைச் சரிசெய்ய இன்று கூடுதல் பணம் போட்டாலும் பயனில்லை. புதிய தொகைக்கு மறுபடியும் 28 நாள் ஓட வேண்டும்.

ராண்ட் எப்படிச் சரியும் என்று நம்மவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 9ஆம் தேதி இரவு நிதியமைச்சர் இன்ஷ்லான்ஷ்லா நேனே பதவி நீக்கப்பட்டார். அடுத்த இரண்டு மூன்று நாள் எங்கள் மேசையில் தொலைபேசி ஓயவில்லை. 2025 ஏப்ரலில், அமெரிக்க இறக்குமதி வரியும் நம் கூட்டணி அரசுக்குள் வரவுசெலவுத் திட்டச் சண்டையும் ஒன்றாகச் சேர்ந்தபோது, டாலர் சில நாட்களிலேயே 20 ராண்டை நெருங்கிவிட்டது. பிறகு இறங்கிற்று, உண்மைதான். ஆனால் அந்த வாரத்தில் விண்ணப்பித்தவருக்குப் பிறகு இறங்கியதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

முதல் வழி: தகப்பனார் கணக்கில் ராண்டாகவே

இதற்குச் செலவே கிடையாது. செலாவணி மாற்றவில்லை, தரகு இல்லை, வட்டி தொடர்ந்து வருகிறது. விசா மறுக்கப்பட்டால் ஒரு காசு நட்டமில்லை. அதனால்தான் பெரும்பாலோர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தம்பி மூன்று இடத்துப் பணத்தையும் ஒரே சேமிப்புக் கணக்குக்குக் கொண்டுவந்து 670,000 ராண்டாக 28 நாள் வைத்திருந்தால் என்ன ஆகும்? அந்தத் தொகையை 28,539 பவுண்டால் வகுத்தால் 23.48 வருகிறது. விண்ணப்ப நாளில் பவுண்டு 23 ராண்டிலிருந்து 48 சென்ட் ஏறினாலே அவன் கோட்டுக்குக் கீழே. 24.50 ஆகிவிட்டால் 670,000 ராண்டின் மதிப்பு 27,347 பவுண்டு, ஏறத்தாழ 1,190 பவுண்டு குறைவு. ராண்டில் காட்ட விரும்புவோர் குறைந்தது பத்து சதவீதம் கூடுதலாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் கணக்குக்கு அது 722,000 ராண்ட். அவ்வளவு தம்பியிடம் இல்லை.

இந்த வழியில் இன்னொரு தடை உண்டு. பெற்றோர் கணக்கைக் காட்டினால், அவர்கள் பெற்றோர்தான் என்பதற்குப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும், பணத்தைப் பயன்படுத்தலாம் என்ற அவர்கள் சம்மதக் கடிதமும் வேண்டும். நம் வீடுகளில் அலமாரியில் பத்திரமாக இருக்கும் சான்றிதழ் பெரும்பாலும் சுருக்கச் சான்றிதழ். அதில் பெற்றோர் பெயரே இருக்காது. 2013 மார்ச்சுக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குத்தான் உள்துறை அலுவலகம் பெற்றோர் விவரம் உள்ள முழுச் சான்றிதழை வழக்கமாகத் தருகிறது. இப்போது பல்கலைக்கழகம் போகும் வயதில் இருப்பவர்கள் எல்லோரும் அதற்கு முன்பு பிறந்தவர்கள். முழுச் சான்றிதழுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும், வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் இழுக்கலாம். பணமெல்லாம் தயாராக இருந்தும் இந்த ஒரு தாளுக்காகக் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பெரியப்பா, மாமா, தாத்தா கணக்கைக் காட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கூடாது. மாணவர் கணக்கு, அல்லது பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளர் கணக்கு மட்டுமே. உறவினர் உதவினால் அந்தப் பணம் இவர்கள் கணக்குக்கு வந்த நாளிலிருந்துதான் 28 நாள் தொடங்கும்.

இரண்டாம் வழி: முழுத் தொகையையும் பவுண்டாக

மாணவியின் பெயரிலேயே ஓர் அந்நியச் செலாவணிக் கணக்கைத் திறந்து, 28,600 பவுண்டு வாங்கிப் போட்டுவிடுவது. கணக்கு பவுண்டில் இருப்பதால் ஓஆண்டா விகிதம் பற்றிய கவலை முழுக்கப் போய்விடுகிறது. கணக்கு அவள் பெயரில் இருப்பதால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் தேவையில்லை. ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நம் பெரிய வங்கிகள் பலவும் இப்போது இப்படிப்பட்ட கணக்கைக் கைப்பேசிச் செயலி வழியாகவே திறக்கின்றன. திறந்தவுடன் செய்ய வேண்டியது, ஒரு கணக்கு அறிக்கையைத் தரவிறக்கிப் பார்ப்பது. வங்கியின் பெயர், கணக்கு வைத்திருப்பவரின் முழுப் பெயர், கணக்கு எண், ஒவ்வொரு தேதியின் இருப்பு எல்லாம் அதில் வருகிறதா? செயலியின் திரையில் தெரியும் இருப்பைப் படமெடுத்துக் கொடுத்தால் செல்லாது.

இதன் விலை என்ன? வங்கி பவுண்டு விற்கும் விகிதத்துக்கும் சந்தை விகிதத்துக்கும் ஒரு சதவீத இடைவெளி என்று வைத்தால், 23.23 வீதம் 28,600 பவுண்டுக்கு 664,378 ராண்ட். விசா மறுக்கப்பட்டு, சந்தை விகிதம் அப்படியே இருக்க, வங்கிக்கே 22.77இல் திருப்பி விற்றால் 651,222 கிடைக்கும். நட்டம் 13,156 ராண்ட். விசா கிடைத்துவிட்டால் இது நட்டமே இல்லை. எப்படியும் ஒரு நாள் பவுண்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

உண்மையான தடை நம் ரிசர்வ் வங்கியின் செலாவணிக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் வருவாய்த் துறையின் முன் அனுமதி இல்லாமல் ஒரு நாட்காட்டி ஆண்டில் வெளிநாட்டுக்குச் செலவிடக்கூடிய தனி ஒதுக்கீடு, அவள் பணம் மாற்றிய 2025இல் ஒரு மில்லியன் ராண்ட். பயணம், அன்பளிப்பு, முதலீடு, படிப்புக்கால வாழ்க்கைச் செலவு எல்லாம் இதில்தான் கழியும். செலாவணிக் கணக்கில் பவுண்டு வாங்கிப் போட்டாலும் கழியும். அதற்கு மேல் போனால் வருவாய்த் துறையிடம் வரி நிலைச் சான்று எண் வாங்க வேண்டும். பிள்ளைக்கு வருமானமே இல்லாதபோது பணத்தின் மூலத்தை விளக்குவது நேரம் பிடிக்கும் வேலை.

எங்கள் பிள்ளைக்கு இது தடையாக இருக்கவில்லை. 664,378 போனாலும் 335,622 மீதி. ஆனால் லண்டனில் 35,000 பவுண்டு கட்டணத்தில் படிக்கப்போகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கைச் செலவு 13,761 சேர்ந்து 48,761 பவுண்டு. 23.23 வீதம் 1,132,718 ராண்ட். ஒரே ஒதுக்கீட்டில் அடங்காது. தாயும் தகப்பனும் தங்கள் ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை வாங்கி உதவலாம். அப்போது பணம் பல கணக்குகளில் சிதறும், மறுபடியும் பிறப்புச் சான்றிதழ் தேவைப்படும்.

எங்களுக்கு இரண்டாம் வழி பொருந்தாததற்குக் காரணம் வேறு. 28 நாள் தொடங்கும் அன்றைக்கே முழு 664,378 ராண்டும் கையில் இருக்க வேண்டும். தம்பியின் பணத்தில் பாதிக்குமேல் வேறு இடங்களில் அல்லவா இருந்தது?

மூன்றாம் வழி: கட்டணத்தைக் கட்டிவிட்டு, செலவுத் தொகையை மட்டும் காட்டுவது

இதில்தான் ஒரு பெரிய வசதி ஒளிந்திருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குக் கட்டிவிட்ட பணத்துக்கு 28 நாள் விதி கிடையாது. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கட்டினாலும், சேர்க்கை உறுதிப் பத்திரத்தில் அது பதிவாகியிருந்தால், அல்லது பல்கலைக்கழகத்தின் ரசீது இருந்தால், காட்ட வேண்டிய தொகையிலிருந்து முழுதாகக் கழித்துவிடுகிறார்கள். 28 நாள் கிடக்க வேண்டியது 10,539 பவுண்டு மட்டும்.

தம்பியின் பணம் இந்த வழிக்கென்றே பிரித்து வைத்தது போல இருந்தது. சேமிப்புக் கணக்கின் 310,000 ராண்டிலிருந்து மகள் பெயருக்கு மாற்றி, அவள் 10,600 பவுண்டு வாங்கினாள், 246,238 ராண்ட். அக்டோபர் 27இல் கணக்கில் ஏறியது, நவம்பர் 23 முடிய 28 நாள். மாதத் தொகை உயரப்போகிறது என்று அதற்குள் அறிவித்துவிட்டிருந்ததால் புதிய கணக்கிலேயே வாங்கச் சொன்னேன். பழைய தொகைக்கு வாங்கியிருந்தால் 315 பவுண்டு குறைந்திருக்கும். அந்த 28 நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்னறிவிப்புக் கணக்கின் 32 நாளும் நிறைவுக்கு வந்தன. ஆக்செஸ் பாண்டிலிருந்து எடுப்பதைக் கடைசி வாரம்வரை தள்ளிப்போட்டான், அதுவரை வட்டி மிச்சம். மீதி சேமிப்பு 63,762, முன்னறிவிப்புக் கணக்கு 160,000, பாண்ட் 200,000, ஆக 423,762 ராண்ட். கட்டணம் 18,000 பவுண்டுக்கு 418,140. சரியாகப் பொருந்திற்று.

ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பகுதியிலிருந்து எடுக்கும் பணமோ, உறவினர் தரும் உதவியோ, விற்ற வாகனத்தின் பணமோ, எது தாமதமாக வரும் என்று தெரிகிறதோ அதைக் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள். முன்பே கையில் இருக்கும் பணத்தைச் செலவுத் தொகையாகக் காட்டுங்கள்.

செலாவணிக் கட்டுப்பாட்டிலும் இது சாதகம். மாணவரின் பெயரும் கல்வியாண்டும் தொகையும் உள்ள பல்கலைக்கழக விலைப்பட்டியலைக் காட்டி, வங்கி வழியாக நேரடியாகப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு அனுப்பும் கல்விக் கட்டணம், தனி ஒதுக்கீட்டுக்குப் புறம்பானது. எங்கள் பிள்ளையின் ஒதுக்கீட்டில் கழிந்தது அந்த 246,238 மட்டுமே. 753,762 அப்படியே மிஞ்சிற்று. முன்பு சொன்ன லண்டன் மாணவருக்கு இந்த ஒரு வேறுபாடே வருவாய்த் துறை வாசலுக்குப் போகாமல் காப்பாற்றிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வங்கிச் செயலியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது நோக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். கல்விக் கட்டணம் என்பது பட்டியலில் கீழே எங்கோ இருக்கும், அன்பளிப்பு முதலில் இருக்கும். எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவனின் கட்டணத்தை அவன் வங்கியில் அன்பளிப்பு என்று பதிவு செய்துவிட்டார்கள். ஒதுக்கீட்டில் பெரும்பகுதி ஒரே நாளில் கரைந்தது. அதைத் திருத்தி எழுதவைக்க இரண்டு மாதம் அலைந்தோம். அனுப்பும் முன்பே விலைப்பட்டியலை மின்னஞ்சலில் கொடுத்து, எந்தப் பிரிவில் பதிவாகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்த வழியின் ஆபத்து, விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்ப வருமா என்பது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மறுப்புக் கடிதத்தைப் பார்த்துத் திருப்பித் தருகின்றன. சில, முன்பணத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பொய் ஆவணம் காரணமாக மறுக்கப்பட்டால் தராது. திரும்பி வரச் சில வாரம் ஆகும், வரும்போது பவுண்டின் விலை என்ன என்பது நம் கையில் இல்லை. பல்கலைக்கழகத்தின் பணம் திருப்பும் விதியை முழுதாகப் படித்த பிறகே கட்டுங்கள். அதில் விசா மறுப்பு பற்றித் தெளிவாக எழுதியிருக்கவில்லை என்றால், அல்லது முன்பு ஒருமுறை விசா மறுக்கப்பட்டவர் என்றால், நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன். அவருக்குப் பத்து சதவீதம் கூடுதல் வைத்து ராண்டில் காட்டுவதோ, கொஞ்சம் விலை கொடுத்துப் பவுண்டில் வைப்பதோதான் பொருந்தும்.

கட்டணத்தை எப்படி அனுப்புவது

வங்கி வழி ஸ்விஃப்ட் அனுப்புதலில் எல்லோரும் கவனிப்பது சில நூறு ராண்ட் தரகை. உண்மையான செலவு விகிதத்தில் ஒளிந்திருக்கிறது. சந்தையில் 23 இருக்கும்போது வங்கி 23.46 கேட்டால், 18,000 பவுண்டுக்கு 8,280 ராண்ட் போகிறது. கேட்டுப் பேசி 23.23க்கு இறக்கினால் பாதி, அதாவது 4,140 ராண்ட், மிச்சம். இவ்வளவு பெரிய தொகைக்குச் செலாவணிப் பிரிவில் விகிதம் பேசலாம் என்பதே பலருக்குத் தெரியாது. நாங்களும் கேட்காதவர்களுக்குச் சொன்னதில்லை. அது எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது. தொலைபேசியில் கேளுங்கள், அந்த நிமிடச் சந்தை விகிதத்தைத் திரையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இடையில் நிற்கும் வங்கி பத்து இருபது பவுண்டு பிடித்துக்கொண்டால் பல்கலைக்கழகத்துக்குக் குறைவாகச் சேரும், கட்டணம் நிலுவை என்று பதிவாகும், அந்த நிலுவையைக் காட்டத் தனியே பணம் வேண்டும். எல்லாச் செலவும் அனுப்புவோருடையது என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். சிறு தொகை கூடுதலாகவே அனுப்புங்கள். குறிப்பு எழுதும் இடத்தில் மாணவர் எண் கட்டாயம். பணம் சேர்ந்ததும் உறுதிப் பத்திரத்தைப் புதுப்பிக்கும்படி பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும். அதற்கு ஒரு வாரமாவது விட்டுவையுங்கள்.

கடன் அட்டையில் கட்டுவது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நம் அட்டைகளில் வெளிநாட்டுக் கொள்முதலுக்கு 2025இல் ஒரு முறைக்கு 50,000 ராண்ட் என்ற வரம்பு இருந்தது. பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் இணையக் கட்டணத் தளங்கள் வசதியானவைதான். அவை கேட்கும் மொத்த ராண்டையும் வங்கி சொல்லும் மொத்த ராண்டையும் ஒரே மணி நேரத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அட்டை வேண்டியது வேறிடத்தில். அப்போது 524 பவுண்டாக இருந்த விசாக் கட்டணத்தையும் சுகாதாரக் கூடுதல் கட்டணத்தையும் விண்ணப்பத்தோடு இணையத்தில் கட்ட வேண்டும். சுகாதாரக் கட்டணம் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்புக்கு விசா ஓராண்டைத் தாண்டிச் சில மாதம் நீள்வதால் ஒன்றரை ஆண்டுக்கு 1,164 ஆயிற்று. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 38,800 ராண்ட். இதை 28 நாள் ஓடும் கணக்கின் அட்டையில் கட்டிவிடாதீர்கள் என்று தம்பி மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் தன் சம்பளக் கணக்கின் அட்டையில் கட்டினார்.

ஜெர்மனிக்குப் போகிறவர்கள் இந்த ஒப்பீட்டிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகிறார்கள். அங்கே மாணவர் பெயரில் முடக்கக் கணக்கு ஒன்றில் 11,904 யூரோவைப் போட்டுவிட வேண்டும், மாதம் 992 யூரோ வீதம் திரும்பக் கிடைக்கும். ராண்டாகக் காட்டும் வாய்ப்பே இல்லாததால் யூரோ என்றைக்கு வாங்குவது என்ற ஒரு கேள்விதான் மிஞ்சும். பொதுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமும் இல்லை.

எங்கள் பிள்ளை டிசம்பர் முதல் வாரத்தில் விண்ணப்பித்தாள். கணக்கு அறிக்கை நவம்பர் 24 வரை எடுத்தது, 31 நாளுக்குள் அடங்கிற்று. பவுண்டு கணக்கில் 10,600, தேவை 10,539, மீதி 61. நடுவில் அவள் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை. தன் தோழியின் பிறந்தநாளுக்கு இணையத்தில் ஏதோ வாங்க அந்த அட்டையை எடுத்தவளை ஆயா பிடித்து நிறுத்தியதாகத் தம்பி சொன்னான். விசா வந்தது. ஜனவரி முதல் தேதியோடு புதிய நாட்காட்டி ஆண்டின் ஒதுக்கீடும் அவளுக்குத் திறந்துவிட்டது. வாடகை முன்பணத்துக்குக் கூடுதலாக 900 பவுண்டு வேண்டும் என்று அங்கிருந்து எழுதியபோது தம்பி அன்று மாலையே அனுப்பிவிட்டான், நோக்கத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்து.